தேதியைத் தள்ளி வைத்தவள்

தினமும் காலை ஏழிலிருந்து எட்டுக்குள் அந்த மெயில் வரும். சரியாக எத்தனை மணிக்கு என்று சொல்ல முடியாது. ஏழு முதல் எட்டு வரை என்றுதான் வைக்க முடியும், அந்த ஒரு மணி நேரத்துக்குள் அது தனக்குத் தோன்றிய நிமிடத்தில் ஓடும். கம்பெனி பஸ் சத்தியவேட்டைத் தாண்டி ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டைக்குப் போவதற்குள் என் போன் ஒரு தடவை அதிரும். பக்கத்து சீட்டுக்காரி யாரோ காதலன் என்று நினைத்துச் சிரிப்பாள். நானும் மறுக்க மாட்டேன். அப்போது எனக்கு அதன் மேல் கொஞ்சம் காதல் இருந்தது உண்மைதான்.

அதை எழுதியவள் நான். பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் நான் காண்டிராக்ட் ஊழியை. புத்தூரில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு வந்தவளுக்கு அங்கே கிடைத்த வேலை ரெஜிஸ்டர் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. நாற்காலியைத் தவிர கம்பெனி எனக்கு எதுவும் தரவில்லை, மெயில் ஐடி கூட. எல்லாம் என் சொந்த ஐடியில்தான். அதில் ஓர் ஆன்லைன் ஷீட்டைத் திறந்து, கிரேன், கொக்கி, கம்பிக்கயிறு, ஏர் டேங்க் என்று தொழிற்சாலையில் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டிய சாமான்களை ஒவ்வொரு வரியாகப் போட்டேன். நான்காவது பத்தியில் அடுத்த சோதனைத் தேதி. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வரியாக இறங்கி வரும். நான்காவது பத்தியில் இருக்கும் தேதி இன்றைய தேதியை விடச் சின்னதா என்று பார்க்கும். சின்னது என்றால் அந்தச் சாமானின் பெயரையும் எத்தனை நாள் தாமதம் என்பதையும் எடுத்து வைத்துக்கொள்ளும். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து எனக்கும் மேனேஜருக்கும் ஒரு மெயில் அனுப்பும்.

கெடு இன்றைக்கு என்றால் இன்றைக்கு மெயில் வராது. நாளைக் காலையில்தான் வரும், ஒரு நாள் தாமதம் என்று. முன்கூட்டியே வரும்படி வைக்கிறேன் என்று நான் கேட்டேன். மேனேஜர் வேண்டாம் என்றார். மூன்று நாள் இருக்கிறது என்று மெயில் வந்தால் இங்கே ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான், கெடு தாண்டினால்தான் பயப்படுவான் என்றார். தொழிற்சாலையைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே உண்மை அது. அதனால் ஸ்கிரிப்டில் 'சின்னது' என்ற குறி அப்படியே நின்றது. அந்தக் குறியைத்தான் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சோதனையைக் கையால் செய்கிறவர் ஒரு ஃபிட்டர். நாகலாபுரம் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஆலைக்குக் கூரை போடுவதற்கு முன்பே வேலைக்கு வந்தவர் என்று சொல்லுவார்கள். அவரும் காண்டிராக்ட்தான். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கம்பிக்கயிற்றைச் சோதிக்க அவர் ஒரு பஞ்சுக்கழிவைக் கயிற்றைச் சுற்றிப் பிடித்து நுனியிலிருந்து நுனிக்கு இழுத்துக்கொண்டே போவார். ஒரு மயிரிழை அறுந்திருந்தாலும் பஞ்சு மாட்டிக்கொள்ளும். நின்று, அந்த இடத்தை எண்ணெய்க் கையால் துடைத்து, எத்தனை இழை என்று எண்ணுவார். அளவுக்கு மேல் போனால் கயிற்றை அங்கேயே வெட்டித் துண்டாக்கிப் போடுவார். முழுசாக வைத்தால் எவனாவது எடுத்து மாட்டிவிடுவான் என்பார்.

நான் ஷீட் போடுவதற்கு முன்னால் எல்லாத் தேதியும் அவருடைய ஒரு நீள நோட்டில் இருந்தது. தமிழும் தெலுங்கும் கலந்த எழுத்து. பக்கமெல்லாம் கிரீஸ். அதைப் பார்த்துத்தான் நான் ஷீட்டை நிரப்பினேன். நிரப்பி முடித்த அன்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இன்னாத்துக்குமா இனிமே இது? நீயே வெச்சிக்கோ. நீ சீட்டு குடு, நான் பாத்துக்கறேன்" என்றார். பிறகு விரலை நீட்டி ஒன்று சொன்னார். "ஒண்ணே ஒண்ணு. என் கை பட்டப்புறம்தான் நீ தேதிய மாத்தணும். அதுக்கு முன்னாடி எவன் சொன்னாலும் தொடக்கூடாது."

தொட மாட்டேன் என்றேன்.

அவருக்கு மெயில் கிடையாது. பட்டன் போன். அதனால் காலையில் எனக்கு வருகிற மெயிலைப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுப்பேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "டிபன் துன்னியாமா?" என்று கேட்பார். தினமும். துன்னேன் என்றால்தான் நகருவார். இல்லை என்றால் கேண்டீன் பக்கம் கையைக் காட்டி, "போ, போய் துன்னுட்டு வா, கயிறு எங்கயும் ஓடாது" என்பார். மாலையில் முடித்த சாமான்களைச் சொல்லுவார், நான் தேதியை மூன்று மாதம் தள்ளி வைப்பேன். தேதி முன்னால் போனதும் அந்த வரி மறுநாள் மெயிலில் இருக்காது. அவ்வளவுதான் அந்தச் சாமர்த்தியம். கயிறு சோதிக்கப்பட்டதா என்று அதற்குத் தெரியாது. தேதி முன்னால் இருக்கிறதா என்றுதான் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார். அந்த வாரம் புதன் முதல் மூன்று நாள் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட். ஷீட்டில் கெடு தாண்டிய வரிகள் சிவப்பாக மாறும்படி நானே அழகு பார்த்து வைத்திருந்தேன். அன்றைக்குச் சிவப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கண் கீழே போனது. நான்கு கம்பிக்கயிறுகளுக்குச் செவ்வாயும் புதனும் கெடு. ஆடிட்டர் உட்கார்ந்திருக்கும்போதே சிவக்கும். அந்த வாரம் கிரேனில் வார்ப்பு அச்சுகளைத் தூக்கி மாற்றுகிற வேலை ஓயாமல் இருந்தது, கயிறுகளைக் கீழே இறக்க உற்பத்திப் பிரிவு விடாது.

"ஈ நாலுகு ஆடிட்டருக்கி எர்ரகா கனபடகூடதம்மா" என்றார். அந்த நான்கும் ஆடிட்டர் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியக் கூடாதாம். மூன்று மாதம் தள்ளு என்றார்.

"சார், இன்னும் செக் பண்ணல" என்றேன். தெலுங்கில்தான் சொன்னேன். அவரிடம் எனக்குத் தமிழ் வராது.

"தர்வாத சூஸ்குந்தாம்லே." அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆடிட் முடிந்ததும் பழைய தேதியைத் திரும்பப் போட்டுவிடு என்றார். கூடவே, என்னை நிரந்தரம் ஆக்குகிற பேப்பர் அவர் மேஜையில்தான் இருக்கிறது என்பதையும் போகிற போக்கில் நினைவுபடுத்தினார்.

நான்கு கட்டங்கள். அரை நிமிடம் கூட ஆகவில்லை. பழைய தேதிகளை ஒரு காகிதத்தில் குறித்து வைத்தேன். ஆடிட் நன்றாக முடிந்தது. கெடு தாண்டினால் தானே மெயில் போகிற அமைப்பை ஆடிட்டர் வெகுவாகப் பாராட்டினார். என்னைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார்கள். அந்த மகிழ்ச்சியில் நான் காகிதத்தை மறந்தேன். மறந்தேன் என்பதும் முழு உண்மை இல்லை. ஒரு வாரம் கழித்து டிராயரில் அதைப் பார்த்தேன். இப்போது பழைய தேதியைப் போட்டால் நாளைக் காலை மேனேஜருக்கு 'பத்து நாள், பதினோரு நாள் தாமதம்' என்று மெயில் போகும், அவர் முகம் எப்படி மாறும் என்று யோசித்தேன். டிராயரை மூடினேன். ஃபிட்டருக்கு ஒன்றும் தெரியாது. கெடு தாண்டுவதற்கு முன்பே நான் தள்ளிவிட்டதால் அந்த நான்கு கயிறும் எந்தச் சீட்டிலும் ஏறவே இல்லை. சீட்டில் இல்லாததை அவர் தேடவில்லை. தேட வேண்டிய நோட்டு என் டிராயரில் இருந்தது.

ஐந்து வாரம் கழித்து அந்த நான்கில் ஒன்று அறுந்தது. தூக்கிக்கொண்டு போன அச்சு தரையில் விழுந்து சிமெண்ட்டைப் பிளந்தது. பக்கத்தில் நின்ற ஒடிசாக்காரத் தொழிலாளி இரண்டடி தள்ளி நின்றதால் பிழைத்தான். அச்சு பிழைக்கவில்லை. அது வாடிக்கையாளருடைய அச்சு, கப்பலில் வந்தது. ஒரு ஆளின் கால் போயிருந்தால் ஆஸ்பத்திரியோடு பேச்சு முடிந்திருக்கும். அச்சு போனதால் விசாரணை வைத்தார்கள்.

விசாரணை என்றால் ஏசி அறையில் நான்கு பேர், ஒரு தட்டில் பிஸ்கட். ஃபிட்டரை நிற்க வைத்திருந்தார்கள். ஆட்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி என்னைக் கேட்டார். "ரிமைண்டர் மெயில் தினமும் போகிறதா?"

"போகுது சார்."

"நீங்கள் தினமும் சீட்டு எழுதிக் கொடுக்கிறீர்களா?"

"தினமும் குடுக்கிறேன் சார்."

இரண்டும் உண்மை. ஒரு சொல் கூட நான் பொய் சொல்லவில்லை. அந்தக் கயிற்றுக்கு மெயில் வந்ததா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேனேஜர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். ஃபிட்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் யோசித்துக்கொண்டிருந்தார். எந்தச் சீட்டு, எந்தச் சட்டை என்று தேடிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் சொன்னார், "நான்தான் எங்கியோ வுட்டுட்டேன் போலகீதுமா. சட்டைய தோய்க்கப் போட்டுட்டனோ இன்னாவோ."

மறுநாளிலிருந்து அவரை உள்ளே விடவில்லை. ஒரு எழுத்து எழுதிக் கொடுக்கவில்லை, கேட்டிலேயே கார்டை வாங்கிக்கொண்டார்கள். பதினாறு வருஷ வேலை. அடுத்த மாதம் எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. வீட்டில் கேசரி செய்தார்கள். இரண்டு கரண்டி தின்றேன், தொண்டையில் இறங்கியது. இறங்காமல் போயிருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் இறங்கியது.

ஃபிட்டர் சும்மா இருக்கவில்லை. யாரோ சொல்லி, திருப்பதியில் தொழிலாளர் ஆபீசில் மனு கொடுத்தார். முதல் ஹியரிங்குக்குப் போய்விட்டு வந்து எனக்குப் போன் செய்தார். இப்போது அவர் மகளின் பழைய ஆண்ட்ராய்டு போன் அவரிடம் வந்திருந்தது.

"ஆபீசர் நல்ல மனுசன்மா. என்னிய உக்கார சொன்னாரு. உங்க மேனேஜர கேட்டாரு, மெயில் போச்சுன்றியே, அந்தக் கயிறுக்குப் போன மெயில எடுத்துகினு வான்னு. அத்த காட்டினா என் கத முடிஞ்சுது. ஆனா பதினாறு வருசம் செஞ்சிருக்கேன், நோட்டீசு குடுக்காம தூக்கிட்டாங்க, அத்த பாப்பாரு இல்ல?"

பார்ப்பார் அண்ணா என்றேன். அந்த மெயில்தான் தன்னை முடித்துவிடும் என்று அவர் பயந்துகொண்டிருந்தார். அப்படி ஒரு மெயிலே இல்லை. இல்லை என்பதுதான் அவரைக் காப்பாற்றும். அன்றைக்கு அது எனக்கும் மேனேஜருக்கும் மட்டும்தான் தெரியும்.

மறுநாள் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த மெயில் வேண்டும் என்றார். இல்லாத மெயிலுக்கு எங்கே போவது சார் என்றேன். அவர் தன் கம்ப்யூட்டரில் ஷீட்டைத் திறந்து, அந்தக் கயிற்றின் கட்டத்தில் வலது கிளிக் செய்து, எடிட் ஹிஸ்டரியைக் காட்டினார். பழைய தேதி, புதிய தேதி, மாற்றிய நாள், நேரம். அதற்கு மேல் என் பெயர், என் படம். திருமலைக்குப் போய்விட்டு வந்தபோது எடுத்த படம், நெற்றியில் பொட்டோடு சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

"நா பேரு எக்கடைனா உந்தா?" என்று கேட்டார். என் பெயர் எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. வாயால் சொன்னது எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை. அவர் அதற்கு மேல் மிரட்டவில்லை. ஆபீசர் கேட்டால் உண்மையைத்தான் காட்ட வேண்டியிருக்கும், பார்த்துக்கொள் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

இரண்டாவது ஹியரிங்குக்கு ஃபிட்டர் போகவில்லை. போகவில்லை என்றால், செவ்வாய்க்குப் பதில் வியாழன் போய் நின்றிருக்கிறார். ஆபீசர் வாயால் சொன்ன தேதி மனதில் புரண்டுவிட்டது. அங்கிருந்த குமாஸ்தா, இன்னொரு தடவை வராவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். புதுத் தேதியை ஒரு காகிதத்தில் வாங்கிக்கொண்டு நேராக எனக்குப் போன் செய்தார்.

"உன் மெயிலு கீதே மா, அத்த என் போன்ல போட்டு குடு. கயிறுக்கே தேதி மறக்காம சொல்லுது, எனக்கு சொல்லாதா?"

இந்த உலகத்தில் உதவி கேட்க அவருக்கு வேறு யாரும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சத்தியவேடு பஸ் ஸ்டாண்டு எதிரில் டீக்கடையில் சந்தித்தோம். நான் லேப்டாப் கொண்டு போயிருந்தேன். அவருக்கு மெயில் ஐடி ஒன்றை செல்போன் கடைக்காரன் போட்டுக் கொடுத்திருந்தான். கம்பெனி ஷீட்டைக் காப்பி எடுத்தேன். காப்பி எடுத்தால் ஸ்கிரிப்டும் கூடவே வந்துவிடும், தினமும் ஓடச் சொல்கிற டிரிக்கர் மட்டும் வராது, அதைப் புதிதாக வைக்க வேண்டும். நூற்றுச்சொச்சம் வரிகளை அழித்துவிட்டு ஒரே ஒரு வரி போட்டேன். சாமான் என்ற பத்தியில் ஹியரிங் என்று எழுதினேன். மெயில் போக வேண்டிய இடத்தில் அவர் ஐடி.

"வருதான்னு பாக்கணும் அண்ணா" என்று தேதிப் பத்தியில் நேற்றைய தேதியைப் போட்டு ஓட்டினேன். உங்கள் பெயரில் மெயில் அனுப்ப இதற்கு அனுமதி தருகிறீர்களா என்று அது கேட்டது. காப்பி என்பதால் புதிதாகக் கேட்கும். தருகிறேன் என்று அழுத்தினேன். அவர் கையில் இருந்த போன் டிங் என்றது. 'ஹியரிங். 1 நாள் தாமதம்' என்று வந்தது.

அவர் முகம் மலர்ந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். டீக்கடைக்காரரிடம் போனை நீட்டிக் காட்டினார். "பாத்தியா, வந்துகீது. நம்ம பொண்ணு போட்டுது" என்றார். சட்டைப் பையில் இருந்து ஆபீசில் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். "தேதி இதுல கீது. பாத்து போட்டுட்டு நீயே வெச்சிக்கோ. என்கிட்ட இருந்தா தொலச்சிடுவேன்."

நோட்டைக் கொடுத்த அதே கை.

நேற்றைய தேதியை அழித்துவிட்டு ஹியரிங் தேதியைப் போட்டேன். டிரிக்கர் வைக்க ஸ்கிரிப்ட் பக்கத்தைத் திறந்தேன். அந்த வரி கண்ணுக்கு எதிரே இருந்தது. தேதி இன்றைய தேதியை விடச் சின்னது என்றால் அனுப்பு. இன்றைய தேதியோடு ஒரு மூன்றைக் கூட்டினால் போதும், கெடுவுக்கு முன்னாலேயே மெயில் போய்விடும். ஒரு கூட்டல் குறி, ஒரு எண். எனக்குத் தெரியாமல் இல்லை, அதை எழுதினவளே நான்தான். நேற்றைய தேதியைப் போட்டுச் சோதித்தால் மெயில் வரத்தான் செய்யும், அதை வைத்து எதுவும் நிரூபணம் ஆகாது என்பதும் தெரியும். ஹியரிங் என்பது தாண்டிப்போன பிறகு செய்துகொள்கிற சோதனை இல்லை.

கர்சர் அந்த வரியில் மின்னிக்கொண்டிருந்தது. அவர் எனக்காக வடை வாங்கி வந்து வைத்தார். "துன்னு மா, ஆறிடப் போவுது" என்றார்.

நான் டிரிக்கரை மட்டும் வைத்துவிட்டு லேப்டாப்பை மூடினேன்.

மறதி என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அவசரம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போன் நெட் விட்டுவிட்டு வந்தது. எதுவும் நிற்கவில்லை. அவர் அந்த ஆபீசுக்குப் போனால் எடிட் ஹிஸ்டரி வெளியே வரும், அதில் நான் பொட்டு வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். அந்த வரியைத் தொடாமல் விட்டால் நான் எதுவும் செய்ததாக ஆகாது. தொடாமல் இருப்பதில் எனக்கு அதற்குள் நல்ல பழக்கம் வந்திருந்தது. தொடக்கூடாததைத் தொட்டதும், தொட வேண்டியதைத் தொடாததும் இந்த ஒரே கைதான். இதை எழுதுவதும் அதுதான்.

ஹியரிங் ஒரு செவ்வாய்க்கிழமை. திங்களன்று இரவு முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு நாளைக்கு அண்ணா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செவ்வாய் காலை கூட நேரம் இருந்தது. நாகலாபுரத்திலிருந்து புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் பஸ் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேனேஜர் திருப்பதி ஆபீசிலிருந்து திரும்பி வந்து என் மேஜையில் ஒரு லட்டு வைத்துவிட்டுப் போனார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

புதன்கிழமை காலை ஏழு இருபதுக்குப் பஸ்ஸில் இருந்தேன். போன் அதிர்ந்தது. அவர்தான்.

"மா, மெயில் வந்துகீது" என்றார். குரலில் சந்தேகம்தான் இருந்தது, கோபம் இல்லை. "ஒரு நாள் தாமதம்னு போட்டுகீது. இன்னிக்குத்தானே வந்துது. மெயில் லேட்டா மா, நான் லேட்டா?"

"மெயில் சரியாத்தான் வந்துகீது அண்ணா" என்றேன்.

அதுவும் உண்மை.

அவர் அன்றே திருப்பதிக்கு ஓடியிருக்கிறார். ஃபைல் மூடியாகிவிட்டது, மனுதாரர் இரண்டு முறை வரவில்லை என்று எழுதியாகிவிட்டது. ரேணிகுண்டாவில் ஒரு கிடங்கில் வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பஞ்சைச் சுற்றிக் கயிறு இழுத்த கையில் இப்போது டார்ச்சும் விசிலும்.

அந்த மெயில் மட்டும் நிற்கவில்லை. அதற்கு ஹியரிங் முடிந்தது தெரியாது, ஃபைல் மூடியது தெரியாது. தேதி பின்னால் இருக்கிறது, அவ்வளவுதான். வியாழன் இரண்டு நாள் தாமதம், வெள்ளி மூன்று நாள் தாமதம். என் பெயரில், என் ஐடியிலிருந்து, தினமும் காலை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு கிளிக்கில் நிறுத்தியிருக்கலாம். அந்தப் பக்கத்தைத் திறக்கவே எனக்குத் துணிவு வரவில்லை. அனுப்பிய மெயில்களில் அந்த எண் ஒவ்வொன்றாக ஏறுவதை மட்டும் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபதாவது நாள் அவர் கூப்பிட்டார்.

"அந்த மெயில நிறுத்திடுமா. தெனம் வந்துகினே கீது. பொண்ணு பாத்துட்டு மூஞ்ச திருப்பிக்குது."

"சரிண்ணா. இன்னிக்கே நிறுத்திடறேன்."

அவர் போனை வைக்கவில்லை. பின்னால் லாரி ஒன்று பின்பக்கமாக வருகிற பீப் சத்தம் கேட்டது. அது நிற்கும் வரை காத்திருந்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"தேதிய முன்னாடி தள்ளி வெச்சாக்கா நின்னுடுமாமே. கம்பெனில நம்ம செட்டு ஆளு ஒருத்தன் சொன்னான். ஆடிட்டு அப்போகூட அப்படித்தான் செஞ்சாங்களாம். மெய்யாமா?"

பஸ் தொழிற்சாலை கேட்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் எழுந்து பையைத் தோளில் மாட்டினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

"ஆமாண்ணா" என்றேன். "தள்ளி வெச்சா நின்னுடும்."

"சரி" என்றார்.

டிபன் துன்னியாமா என்று கேட்பார் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை.